கதிரில் பால், பானையில் பால்

தை பிறந்தால் மேடைகளிலும் வானொலியிலும் ஒரே வசனம் திரும்பத் திரும்ப வரும்: "அறுவடை முடிந்து புது நெல் வீடு வந்த மகிழ்ச்சியில் உழவர் சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள்." பாடப்புத்தகத்திலும் அப்படித்தான். அதே காலையில் மட்டக்களப்பின் வவுணதீவுப் பக்கமோ வெல்லாவெளிப் பக்கமோ போய் வரம்பில் நின்று பார்த்தால் அந்த வசனம் தொண்டையில் சிக்கும். வேளாண்மை பச்சையாக நிற்கும். சில வட்டைகளில் கதிர் இப்போதுதான் வெளியே வந்திருக்கும், சிலவற்றில் அதுவும் இல்லை. வெட்டுக்கு இன்னும் மூன்று கிழமையோ ஐந்து கிழமையோ இருக்கும். வீட்டுப் பானையில் வேகிற அரிசியும் போன சிறுபோகத்து அரிசி, அல்லது கடையில் வாங்கியது. அப்படியானால் மட்டக்களப்பான் தை முதலாம் நாளில் எதற்கு நன்றி சொல்கிறான்? வேறு ஊரின் பருவத்துக்குப் பொருந்தும் பண்டிகையை நாட்காட்டி பார்த்துச் செய்கிறோமா?

இந்தக் கேள்விக்கு "நம்பிக்கை, மரபு" என்று பதில் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதாது. வயலையும் பட்டியையும் அருகில் வைத்துப் பார்த்தால், இந்த மண்ணில் பொங்கல் தவறான நாளில் வரவில்லை என்பதே என் முடிவு. பானையில் பால் பொங்குகிற அந்த நாளில் வயலிலும் பால் ஏறிக்கொண்டிருக்கிறது. மாட்டுக்குப் பொங்குகிற நாளில் மாடு வீட்டில் இல்லை, அதற்கும் காரணம் வயலே. அதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதப் பார்க்கிறேன்.

மூன்று வயல், ஒரு பொங்கல்

இங்கே பெரும்போகம் மழையை நம்பித் தொடங்குகிறது. மானாவாரி நிலத்தில் முதல் மழைக்குப் பின் புழுதியில் விதைப்பார்கள். குளத்து நீர்ப்பாய்ச்சலுள்ள நிலத்தில் சேற்று விதைப்பு. ஒவ்வொரு பிரிவுக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடி விதைப்பு முடிய வேண்டிய திகதியைக் குறிக்கும். ஆனாலும் மழை, உழவு இயந்திரம், கைக்காசு என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தடங்கல். அதனால் ஒரே மாவட்டத்தில் விதைப்பு ஒரு மாதத்துக்கு மேல் இழுபடும்.

மூன்றரை மாத நெல்லை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். அதற்கு வயது சுமார் 105 நாள். பூத்ததிலிருந்து வெட்டு வரை ஏறத்தாழ 30 நாள் என்பது எல்லா இனத்துக்கும் பொதுவான கணக்கு, இன வயது கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கடைசி 30 நாள் பெரிதாக மாறாது. ஒக்டோபர் 5 இல் விதைத்தவருக்கு வெட்டு ஜனவரி 18 இல் வரும். அவருடைய வயல் பொங்கலன்று மஞ்சளாகச் சாய்ந்திருக்கும், பாடப்புத்தக வசனம் அவருக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஒக்டோபர் 25 இல் விதைத்தவருக்கு வெட்டு பெப்ரவரி 7 இல், பூப்பு ஜனவரி 8 அளவில். பொங்கலன்று அவருடைய கதிர் பூத்து ஒரு கிழமை. நவம்பர் 10 இல் விதைத்தவருக்கு வெட்டு பெப்ரவரி 23 இல், பூப்பு ஜனவரி 24 இல். அவருடைய பயிர் பொங்கலன்று குடலைப் பருவத்தில், கதிர் இன்னும் மடலுக்குள் இருக்கும்.

பெரும்பாலான வயல்கள் இந்த இரண்டாவது, மூன்றாவது வகை. அதிலும் இரண்டாவதுதான் என் கவனத்தை இழுக்கிறது. பூத்து ஒரு கிழமையான கதிரில் ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் வெள்ளையாகப் பால் பீறிடும். பால் பிடித்திருக்கிறது என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இன்னும் ஒரு கிழமை போனால் அது மாவாக இறுகும், அதற்குப் பிறகு அரிசியாகக் கெட்டிப்படும். மூன்று கிழமை கழித்துச் சோறாகப் போகிற பொருள் தை முதலாம் நாளில் ஒரு துளி பால். முற்றத்தில் நாம் பானையில் ஊற்றுவதும் அதுதான். இந்த ஒப்புமையை யாரும் திட்டமிட்டு வைத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணால் பார்த்த பின் அதை மறக்க முடியவில்லை.

வெயில் இந்த நாட்களில் செய்வது என்ன

வடசெலவு தொடங்குகிறது, பகல் நீள்கிறது, அதற்காகச் சூரியனை வணங்குகிறோம் என்ற விளக்கமும் இங்கே அவ்வளவு பொருந்தாது. மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான இடத்தில் இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியின் மிகக் குறுகிய பகலுக்கும் பொங்கல் நாளின் பகலுக்கும் வித்தியாசம் மூன்று நிமிடம் அளவுதான். பொங்கலன்று சூரியன் கடலுக்கு மேலே வருவது காலை 6.20 அளவில், தை முடிவு வரை அது முந்துவதும் இல்லை. ஆகவே உழவனுக்கு வித்தியாசம் தருவது பகலின் நீளம் இல்லை, முகில். மார்கழிதான் இங்கே மழை கொட்டுகிற மாதம். தையில் அது தளரத் தொடங்கும், மாசியில் வானம் வெளிக்கும். கதிர் பூத்துப் பால் பிடிக்கிற நாட்கள் சரியாக இந்த மாறுகிற இடைவெளியில் விழுகின்றன.

நெற்பூ காலை ஒன்பது, பத்து மணிக்குத் திறக்கத் தொடங்கி நண்பகலுக்குள் மூடிவிடும். ஒவ்வொரு பூவும் திறந்திருப்பது ஒரு மணி நேரம் அளவுதான். அந்த நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் கழுவுப்படும், சூல் தங்காது. அந்த மணி உமியாகவே நின்று சப்பியாகும். பூ தப்பினாலும் அடுத்த கண்டம் இருக்கிறது. மணிக்குள் ஏறுகிற மாச்சத்தில் பெரும்பங்கு, பூத்த பிறகு மேலிலைகள் வெயிலில் சமைத்து அனுப்புவது. முன்னமே தண்டில் சேர்த்து வைத்தது கொஞ்சம்தான். பத்து நாள் முகில் மூடிக் கிடந்தால் மணி உருவாகியிருக்கும், உள்ளே நிறைந்திருக்காது. வெட்டும்போது கதிர் எண்ணிக்கை சரியாக இருக்கும், மூடை எண்ணிக்கை குறையும். நெல் நன்றாக இருந்ததே, எப்படிக் குறைந்தது என்று களத்தில் தலையைச் சொறிகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பத்து நாளைக் கவனிக்காதவர்கள். வட்டையில் நிற்கும் வயதானவர்கள் "இப்ப வெயில்தான் வேணும், மறுகா மற்றதெல்லாம்" என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நிறைந்ததா, சப்பியா என்று பொங்கல் காலையிலேயே பார்த்துவிடலாம். பூத்து ஒரு கிழமை கடந்த கதிர் ஒன்றை ஒடிக்காமல் வளைத்து, சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பால் பிடித்த மணி வெளிச்சத்தைத் தடுக்கும், உள்ளே ஒரு நிழல் தெரியும். சப்பி கண்ணாடி போல ஒளியை விடும். ஒரு கதிரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. வரம்போரக் கதிர் காற்றும் வெயிலும் கூடுதலாகக் கண்டது, அது உங்களை ஏமாற்றும். வயலுக்குள் இறங்கி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். இரண்டு கிழமை கழித்து இதையே தூரத்திலிருந்தும் சொல்லலாம்: பாரம் ஏறிய கதிர் தலை குனியும், சப்பிக் கதிர் நிமிர்ந்தே நிற்கும்.

பொங்கலை நான் புரிந்துகொண்ட இடம் இந்த ஒரு செயல்தான். கதிரைச் சூரியனுக்கு முன்னால் தூக்கிப் பிடிப்பது வேளாண்மைச் சோதனை. படையலைச் சூரியனுக்கு முன்னால் தூக்கிக் காட்டுவது வழிபாடு. இரண்டும் ஒரே கை அசைவு, ஒரே காலை, ஒரே திசை. களத்தில் குவிந்த பொலியைக் காட்டி நன்றி சொல்கிறவன் முடிந்த கணக்குக்கு நன்றி சொல்கிறான். மட்டக்களப்பில் தை முதலாம் நாளில் நன்றி சொல்கிறவனுக்குக் கணக்கு பாதியில் நிற்கிறது. பெற்றதற்கும் பெறப்போவதற்கும் சேர்த்து அவன் கும்பிடுகிறான். அதில் பயமும் இருக்கிறது.

அந்தப் பயம் கற்பனை இல்லை. 2011 ஜனவரி இரண்டாம் கிழமையில், பொங்கலுக்குச் சில நாட்களே இருக்க, மட்டக்களப்பும் அம்பாறையும் வெள்ளத்தில் மூழ்கின. கிழக்கை மையமாகக் கொண்ட அந்த வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் பத்து இலட்சத்துக்கு மேல். பெப்ரவரித் தொடக்கத்தில் மறுபடியும் வந்தது. இந்த இரண்டு வெள்ளத்தையும் மேலே சொன்ன மூன்று வயலில் வைத்துப் பார்த்தால் சேதத்தின் வகை விளங்கும். முந்தி விதைத்தவனுக்கு விளைந்த கதிர் தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே முளை விடும். நடுவில் விதைத்தவனுக்குப் பூவும் பாலும் தண்ணீருக்குள், அது முழுக்கச் சப்பி. பிந்தி விதைத்தவன் ஜனவரியில் தப்பியிருந்தாலும் பெப்ரவரி வெள்ளம் பூத்துப் பால் பிடித்த வேளையில் வந்து பிடிக்கும். அந்த வருடம் பொங்கலுக்குச் சூரியன் தெரியாத வீடுகளிலும் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் கிழக்கு முகமாகக் கும்பிட்டவர்கள் நெல்லுக்காக நன்றி சொல்லியிருக்க முடியாது. வெயிலைக் கேட்டிருப்பார்கள்.

பழைய அரிசிக்குப் பழைய கணக்கு

பானைப் பக்கமும் இந்தப் பருவக் கணக்கு எட்டிப் பார்க்கிறது. தை முதலாம் நாளில் இங்கே வேகிறது ஆவணி, புரட்டாதியில் வெட்டிய சிறுபோகத்து நெல்லின் அரிசி. நாலைந்து மாதம் இருந்த அரிசி புது அரிசியைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், நேரமும் எடுக்கும். இரண்டு சுண்டு சிவப்புப் பச்சையரிசிக்கும் அரைச் சுண்டு வறுத்த பயறுக்கும் பாலும் தண்ணீரும் இரண்டாம் பாலுமாகப் பத்துச் சுண்டு வரை போகும். சர்க்கரை அரைக் கிலோ, தேங்காய் ஒன்று. புது அரிசிக்கு இதே பத்துச் சுண்டை ஊற்றினால் கூழாகிவிடும், எட்டில் நிறுத்த வேண்டும்.

பால் பொங்கி வழிய வேண்டுமானால் பானையில் முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும், தீ ஒரே சீராக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் பொங்கி வழியாது. பாலின் மேலே படியும் ஆடைதான் நீராவியை அடைத்து நுரையைத் தூக்குகிறது. பாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிய வீடுகளில் பொங்காமல் கொதித்துக்கொண்டே இருக்கும், எல்லோரும் விறகைக் குறை சொல்வார்கள். விறகும் குற்றவாளிதான், மார்கழி மழையில் நனைந்திருக்கும். ஒரு கிழமை முந்தியே அடுப்படிக்கு மேலே அடுக்கி வைத்த தென்னம்பாளையும் கொக்கறையும் இல்லாவிட்டால் புகைதான் பொங்கும். புதுப் பானையை முதல் நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அரிசி கழுவிய தண்ணீரை அதில் ஒரு தரம் கொதிக்க வைத்துக் கொட்ட வேண்டும். நேரே தீயில் ஏற்றிய வரண்ட பானை பால் பொங்குகிற நேரத்தில் வெடித்த வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு, அதை அபசகுனமாக எண்ணி வருடம் முழுக்கக் கவலைப்பட்டவர்களும் உண்டு. தீ பட்ட பக்கம் சட்டென்று விரிய, சூடேறாத பக்கம் விரியாமல் இழுத்ததே அங்கே நடந்தது.

சர்க்கரை மட்டும் அவசரப்படக் கூடாது. அரிசி இரண்டு விரலுக்கு இடையில் நசுங்குகிற வரைக்கும் சர்க்கரையைத் தொடக் கூடாது. முந்திப் போட்டால் இனிப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அரிசி அதற்கு மேல் வேகாது, எவ்வளவு நேரம் எரித்தாலும் நடுவில் ஒரு குருணை நிற்கும். சர்க்கரையில் உள்ள புளிப்பு பாலையும் திரிக்கும். கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, மண் நீங்க வடித்து, கடைசியில் தலைப்பாலோடு சேர்ப்பதே சரி.

மாடு இல்லாத வீட்டில் பட்டிப் பொங்கல்

மறுநாள் பட்டிப் பொங்கல். இந்தப் பெயரை நாங்கள் மாட்டுப் பொங்கல் என்று மாற்றாமல் வைத்திருப்பது நல்லது. இங்கே மாடு தொழுவத்தில் நிற்கிற உயிர் மட்டும் இல்லை, பட்டியாக வாழ்கிற உயிர். நான் மேலே சொன்ன ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியோடு இன்னொரு திகதியும் தீர்மானமாகும்: வயல் நிலங்களிலிருந்து கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டிய திகதி. அதற்குப் பிறகு வட்டைக்குள் மாடு நின்றால் பிடித்துக் கட்டலாம், தண்டம் அறவிடலாம். ஆகவே நாட்டு மாடுகளும் எருமைகளும் விதைப்போடு மேற்கே, மேய்ச்சல் தரைக்குப் போய்விடும். பொங்கல் வரும்போது கதிர் வயலில், மாடு காட்டில். வேளாண்மை பிழைக்க வேண்டும் என்பதற்காக மாடு தன் ஊரை விட்டு விலகி நிற்கிற மாதங்களின் நடுவில் அதற்கு நன்றி சொல்லும் நாள் வருகிறது. இதைவிடப் பொருத்தமான நாளை என்னால் யோசிக்க முடியவில்லை.

அதனால்தான் பட்டி வைத்திருக்கிற குடும்பங்கள் அன்று பானையையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு பட்டிக்கே போகின்றன. பட்டி வாசலில் அடுப்பு மூட்டி, அங்கேயே கறந்த பாலில் பொங்கி, மாட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, முதல் பிடியை மாட்டுக்குக் கொடுத்த பிறகே மற்றவர்கள் சாப்பிடுவார்கள். கன்றுக்கு அன்று கூடுதலாகப் பால் விடுகிறவர்களும் உண்டு. மயிலத்தமடு, மாதவனைப் பக்கத்து மேய்ச்சல் தரையில் இது இப்போது எளிதான பயணமில்லை. அந்த நிலத்தில் அத்துமீறிப் பயிர் செய்யப்படுவதை எதிர்த்து, 2023 இல் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மாடு வயலை விட்டு விலக வேண்டும் என்று திகதி குறிக்கிற ஒழுங்கு, விலகிய மாடு எங்கே நிற்பது என்பதையும் உறுதிப்படுத்த வேண்டும். பட்டிப் பொங்கலில் நாம் சொல்கிற நன்றிக்கு இதையும் சேர்த்தே பொருள் காண்கிறேன்.

ஊரில் இரண்டொரு கறவை மாடு கட்டி வளர்க்கிறவர்கள் வீட்டில்தான் நன்றி சில நேரம் நஞ்சாகிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பொங்கலுக்கு அடுத்த இரண்டு நாளில் கால்நடை வைத்தியரைத் தேடி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாட்டின் பெருவயிறு புல்லுக்கும் வைக்கோலுக்கும் பழகியது. அங்கே வாழ்கிற நுண்ணுயிர்கள் நாரை மெதுவாகப் புளிக்க வைத்து மாட்டுக்கு உணவாக்குகின்றன. பழக்கமில்லாத மாட்டுக்குத் திடீரென்று வெந்த அரிசியும் சர்க்கரையும் நிறையக் கிடைத்தால் வேறு வகை நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் பெருகிப் பெருவயிற்றைப் புளிக்காடி போல ஆக்கிவிடும். நல்ல நுண்ணுயிர்கள் சாகும், புளிப்பு இரத்தத்தில் ஏறும், உடம்பின் நீர் வயிற்றுக்குள் இழுபடும். யாரும் ஒரு பானையை மாட்டுக்கு வைப்பதில்லைதான். நடப்பது வேறு. தெருவில் அவிழ்த்து விட்ட மாடு பத்து வீட்டு வாசலுக்குப் போகும். ஒவ்வொரு வீடும் அன்போடு ஒரு அகப்பை பொங்கல், இரண்டு வாழைப்பழம் கொடுக்கும். அகப்பை 300 கிராம் என்றால் பத்து வீட்டில் மூன்று கிலோ. மாலையில் மிஞ்சிய சோறும் வடையும் தொட்டிக்குள் போகும். இருநூறு, இருநூற்றைம்பது கிலோ நிறையுள்ள நாட்டு மாட்டுக்கு, ஒரே நாளில், அதுவும் பழக்கமில்லாத உணவாக, இது ஆபத்தாகக்கூடிய அளவு.

முதல் அடையாளம் மிகச் சின்னது: மாடு அசைபோடாது. படுத்து அசைபோட வேண்டிய இரவு நேரத்தில் வாய் அசையாமல் நின்றால் அப்போதே கவனிக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒன்றரை நாளுக்குள் மற்றவை வரும். இடது விலாக் குழி நிறைந்து, முஷ்டியால் அழுத்தினால் பிசைந்த மாப்போலக் குழி விழும். சாணம் தண்ணீராக, மஞ்சளாக, புளித்த வாடையோடு போகும். கண் உள்ளே போகும், நடை குடித்தவன் நடைபோலத் தள்ளாடும். படுத்துவிட்டால் பெரும்பாலும் பிந்திவிட்டது. அசைபோடவில்லை என்று கண்ட உடனே தானிய உணவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வைக்கோல் மட்டும் வைத்து, வைத்தியரை அழைக்க வேண்டும். என்ன கொடுத்தோம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று சரியாகச் சொல்வது பாதி வைத்தியம். வெட்கப்பட்டு மறைப்பவர்களால்தான் நேரம் வீணாகிறது.

இரண்டாவது ஆபத்து கழுத்துப் பூமாலையில் இருக்கிறது. எங்கள் வேலிகளில் எளிதாகக் கிடைக்கிற பூ அலரி. சாமிக்குக் கட்டுகிற கை பழக்கத்தில் மாட்டுக்கும் அதையே கட்டுகிறோம். அலரியின் இலை, பூ, தண்டு எல்லாமே மாட்டுக்கு நஞ்சு, வளர்ந்த மாட்டுக்குப் பத்து இருபது இலை உயிராபத்து. மஞ்சள் அலரியும் அப்படியே. பச்சையாக இருக்கும்போது கசப்பால் மாடு ஒதுக்கினாலும், வாடியதும் கசப்புக் குறைந்து தின்றுவிடும், நஞ்சு குறையாது. ஒரு மாட்டின் கழுத்து மாலையைப் பக்கத்து மாடு இழுத்துத் தின்பதை யாரும் பார்த்திருப்பார்கள். அலரி உண்ட மாட்டில் நெஞ்சுத் துடிப்பு குழம்பும், சில நேரம் எந்த அடையாளமும் காட்டாமல் காலையில் செத்துக் கிடக்கும். செவ்வரத்தை, மாவிலை, வேப்பிலை போதும். நைலோன் நூலும் வேண்டாம், அது வயிற்றுக்குள் சிக்கும். பருத்தி நூலில் அல்லது வாழை நாரில் கட்டி, தீபம் காட்டி முடிந்ததும் மாலையைக் கழற்றி எடுத்துவிடலாம். கொம்புக்குப் பெயின்ற் அடிக்கத் தேவையில்லை, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் வருகிற சிவப்பே அழகு.

மாட்டுக்கு ஒரு பிடி போதும். அதை இலையில் வைத்துக் கையால் ஊட்டும்போது முழுச் சடங்கும் நிறைவாகிவிடுகிறது. மிச்சத்தை அதற்குப் பழகிய உணவாகவே கொடுப்போம்: வெட்டிய பச்சைப்புல் ஒரு கட்டு, சுத்தமான தண்ணீர், உப்பு. பக்கத்து வீடுகளிடம் "எங்கட மாட்டுக்குப் பழம் மட்டும் குடுங்கோ, சோறு வேண்டாம்" என்று முந்தியே சொல்லி வைப்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

வெட்டு முடிந்த பிறகு

பாடப்புத்தகம் சொல்கிற அறுவடை நன்றி எங்களிடம் இல்லாமல் போகவில்லை, பிந்தி வருகிறது. தைப்பூசத்தில் புதிர். முந்தி விளைந்த வயலில் ஒரு பிடி கதிர் கொய்து வந்து, சாமிக்கு வைத்து, அந்தப் புது அரிசியில் சோறாக்கி வீட்டார் கூடி உண்பது. தன் வயல் விளையாதவர் உறவினரின் வயலிலிருந்து கதிர் வாங்கி வருவார். இதுதான் புது அரிசியின் முதல் சோறு, எட்டுச் சுண்டுக் கணக்கு இங்கேதான் உதவும். அதற்குப் பிறகு களம். எருமைகளைப் பிணைத்து நெற்கதிர்ச் சூடு மிதித்த காலத்தில் களவெட்டியில் பொலி பாடி, பொலியைக் குவித்து, முதலில் தெய்வத்துக்கு அளந்தார்கள். அந்தச் சூட்டைச் சுற்றி வந்த காலடிகள்தான் நெல்லையும் வைக்கோலையும் பிரித்தன. நன்றிக்கு உரிய எருமை அங்கேயே, களத்தில், கண்முன்னே நின்றது. இப்போது இயந்திரம் வெட்டி, அடித்து, மூடையில் கொட்டிவிட்டு இரண்டு மணி நேரத்தில் அடுத்த வட்டைக்குப் போய்விடுகிறது.

இயந்திரத்தின் பின்னால் வைக்கோல் வரிசையாக விழுந்து கிடக்கும். எவ்வளவு நெல் கிடைத்ததோ ஏறத்தாழ அதே நிறை வைக்கோலும் அந்த வயலில் இருக்கிறது. பெரும்பாலானோர் ஒரு தீக்குச்சியில் அதை முடித்துவிடுகிறார்கள். அதே கிழமையில் மாடுகள் மேற்கிலிருந்து வெட்டிய வயல்களுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கும், கோடை முழுக்க அவற்றுக்குப் புல் இருக்காது. வெட்டின அன்று வெயில் நன்றாக இருந்தால் இரண்டு நாள் அப்படியே காய விட்டு, மூன்றாம் நாள் பனி காய்ந்த பின் சேர்த்துக் கட்டி, தரையில் படாமல் கம்பு அடுக்கி அதற்கு மேலே போர் வைக்கலாம். ஈரத்தோடு கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், கையை உள்ளே விட்டால் வெப்பம் தெரியும், அதை மாடு தின்னாது. காய்ந்ததைக் கட்ட ஆள் கூலி கட்டாது என்றால், பட்டிக்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தாலே போதும். அவர் மாட்டை வயலுக்கே கொண்டு வருவார். பச்சையாக நின்றபோது எந்த வரம்புக்குள் கால் வைக்கக் கூடாது என்று திகதி குறித்தோமோ, அதே வரம்புக்குள் மாடு இறங்கி மேயும், சாணத்தையும் அங்கேயே போட்டுவிட்டுப் போகும்.